சைக்கிள் விற்பனைக்கு: உயரத்தை அளந்துவிட்டு வாருங்கள்

தம்பியுடைய சைக்கிளை விற்கிறோம். “26 இஞ்ச் சைக்கிளா?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 26 என்பது சில்லின் அளவு. ஆளுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வது ப்ரேமின் அளவுதான். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை டேப் பிடித்தேன், 18 இஞ்ச். ஐந்தடி ஆறிலிருந்து ஐந்தடி பத்து வரை உள்ளவருக்குச் சரியாக இருக்கும்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு “வளர்ந்துடுவான்தானே” என்று வாங்க வராதீர்கள். சீட்டைப் பதிக்கலாம், மேல் கம்பியைப் பதிக்க முடியாது. கம்பிக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்றால், பாதம் முழுக்க நிலத்தில் பட்டு, கம்பிக்கு மேலே ஓரிரு இஞ்ச் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தியில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பிள்ளை கால் ஊன்ற முடியாமல் சரிந்துவிடும்.

கியர் முன்னால் 3, பின்னால் 7, ஆக 21. ஆனால் முன் கியர் மாறுவதில்லை, நடுப் பல்லிலேயே நிற்கிறது. எனவே 7 என்றே கணக்கெடுங்கள். நம்ம ஊர் சமதரைக்கு அது தாராளம்.

முன் டயர் நல்லம். பாரம் விழுவதால் பின் டயரின் நடுப்பூ தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. பக்கச் சுவரில் வெடிப்பில்லை. மழைக்கு முன் மாற்றத்தான் வேண்டும், அந்தக் காசை விலையில் குறைத்துத் தருவேன்.

அஸருக்குப் பிறகு வந்து ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டப்போகிறவரையே கூட்டி வாருங்கள்.