தேன் எந்த ஊர்?

என் ஆய்வுத் தரவில் ஒரு பிழை செய்திருந்தேன். அதைக் கண்டுபிடித்தவர் நெறியாளர் அல்லர், அம்மா.

உணவுப் பொட்டலங்களின் மொழியை ஆராய்பவள் என்பதால், சான்பாடாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு எந்தப் புட்டி வந்தாலும் அதன் ஒட்டுச்சீட்டைப் படியெடுத்த பிறகுதான் அது அடுக்களைக்குள் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்த அத்தை ஒரு புட்டித் தேன் கொண்டுவந்தார். 'தோற்ற நாடு' என்ற நிரலில் 'ஜெர்மனி' என்று பதிந்தேன். அம்மா புட்டியைத் திருப்பிப் பார்த்துக் கேட்டார்: "ஜெர்மனியில அடைச்சாங்கன்னு போட்டிருக்கு, சரி. தேன் எந்த ஊர்த் தேன்டி?"

சீட்டில் விடை இருந்தது. ஆனால் அது விடையாக இல்லை. 'ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையும் ஒன்றியம் சாராத நாடுகளையும் சேர்ந்த தேன்களின் கலவை' என்பதே அங்கிருந்த தொடர். மொழியியல் படித்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஒரு தொகுதியையும் அதன் எதிர்மறையையும் சேர்த்தால் உலகம் முழுவதும் அடங்கிவிடும். நூற்றில் ஒரு பங்கு ஐரோப்பியத் தேனும் தொண்ணூற்றொன்பது பங்கு பிறநாட்டுத் தேனும் கலந்தாலும் தொடர் மெய். விகிதம் தலைகீழானாலும் மெய். 'உம்' அளவைச் சொல்வதில்லை. எது முன்னால் நிற்கிறது என்பதிலிருந்தும் எதையும் ஊகிக்க இயலாது. உட்பொருள் பட்டியலை எடை இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்று நம் நாட்டு விதியும் சொல்கிறது. அந்தப் பழக்கத்தால் 'முதலில் இருப்பதே மிகுதி' என்று வாசித்துவிடுகிறோம். இந்தத் தொடருக்கு அத்தகைய வரிசை விதி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதைத் திருத்தியது. அவ்வாண்டின் 1438ஆம் எண் நெறியாணையின்படி, 2026 ஜூன் 14 முதல், கலவைத் தேனில் ஒவ்வொரு தோற்ற நாட்டின் பெயரும் எடை இறங்குவரிசையில், சதவீதத்துடன் இடம்பெற வேண்டும். பல நாடுகள் கலந்திருந்தால், முதல் நான்கு பங்குகள் சேர்ந்து பாதியைத் தாண்டும்போது அவற்றுக்கு மட்டும் எண் தந்தால் போதும் என்று உறுப்பு நாடுகள் அனுமதிக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் 5 சதவீத விலகல் ஏற்கப்படும்.

எண்கள் கிடைத்தால் என் நிரல் நிரம்பிவிடுமா? ஒரு புட்டியைக் கற்பனை செய்து பார்த்தேன்: உக்ரைன் 33, அர்ஜென்டினா 31, இந்தியா 21, ஜெர்மனி 15. பெரும்பங்கு உக்ரைனுடையது. ஆயினும் அனுமதிக்கப்பட்ட விலகலுக்குள்ளேயே முதல் இரண்டும் இடம் மாறிவிடலாம். அங்கே 'முதல்' என்பது உறுதியான செய்தியன்று. பாதியைத் தாண்டிய நாடு எதுவுமில்லை. சுங்கத்துக்கான ஐரோப்பிய விதியோ வேறு வழியில் போகிறது. தேன் போன்றவற்றின் கலவையில் எடையில் பாதிக்கு மேல் தரும் நாடே தோற்ற நாடு. அப்படி ஒன்றும் இல்லையெனில், கலப்பு நடந்த நாடு. அதாவது, ஜெர்மனியில் கலந்திருந்தால், மிகக் குறைந்த பங்கு தந்த ஜெர்மனியே! வரி வசூலிப்பவருக்கு ஒற்றை விடை தேவை. அவர் கேள்வி வேறு, அம்மாவின் கேள்வி வேறு.

நம் விதியில் இன்னொரு கோல் உண்டு: இரண்டாவது நாட்டில் நடக்கும் பதப்படுத்தல் உணவின் இயல்பை மாற்றினால், அந்த நாடே தோற்ற நாடாகும். கலந்து வடிகட்டுவதால் தேனின் இயல்பு மாறுவதாக எனக்குத் தோன்றவில்லை. கலந்த பிறகும் அது தேன்தானே.

ஆய்வகம் உதவாதா என்று தோழி கேட்டாள். நுண்ணோக்கியில் மகரந்தத்தைப் பார்த்து எந்தெந்தப் பூக்கள், எந்த நிலப்பகுதி என்று ஓரளவு சொல்வார்கள். ஆனால் மகரந்த எண்ணிக்கை தேனின் அளவுக்கு நேர்விகிதமன்று. யூகலிப்டஸ் தேனில் மகரந்தம் மிகுதி, ஆரஞ்சுத் தேனில் குறைவு. சிறிதளவு யூகலிப்டஸ் தேன் சேர்ந்தாலே எண்ணிக்கை அதன் பக்கம் சாய்ந்துவிடும். நுண்ணிய வடிகட்டலில் மகரந்தமே போய்விட்டால் பார்க்கவும் ஒன்றுமில்லை.

எனவே ஒற்றை நிரலை நான்காகப் பிரித்தேன்: அடைத்த நாடு, சீட்டு பெயர் சொல்லும் நாடுகள், அவற்றின் பங்கு, முதன்மை நாடு. பங்கு பாதியைத் தாண்டும்போது மட்டும் கடைசி நிரலில் பெயர், மற்றபடி 'இல்லை'. சீட்டு பங்கையே சொல்லாவிட்டால் 'தெரியாது'. 'இல்லை', 'தெரியாது' இரண்டையும் முன்பு ஒரே வெற்றிடமாக விட்டிருந்தேன், அதுவும் பிழைதான். பழைய பதிவுகளை மீண்டும் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்திவருகிறேன். அடைத்தவரின் முகவரியைத் தோற்றமாக எடுத்துக்கொண்ட இடங்கள் ஆலிவ் எண்ணெயிலும் இருக்கின்றன.

அத்தையின் தேனுக்கு நேராக இப்போது 'தெரியாது' என்றிருக்கிறது. இந்தியாவும் தேன் ஏற்றுமதி செய்யும் நாடு என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம தேனையே விமானத்துல திரும்பக் கொண்டு வந்தாளோ என்னவோ" என்றபடி அவர் புட்டியை மூடிவைத்தார்.