350 ரூபாய் நாள் சம்பளம்

சிங்கம்புணரிப் பக்கத்து நார் மில் ஒன்றில் இரவுக் காவல் பார்த்த ஒருவருக்காக, சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய வழக்கு இது. இரவு 8 மணிக்கு கேட்டுக்கு வந்தால் காலை 8 மணிக்குத்தான் வீடு திரும்புவார். நாள் சம்பளம் 350 ரூபாய். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதற்குச் சம்பளம் கிடையாது. கட்சிக்காரரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் தொகைகளைச் சற்று மாற்றி முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

என்னிடம் வந்தபோது அவர் குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. “நான் கேக்குறது ஓ.டி. மட்டுந்தான் வக்கீலய்யா. சம்பளம் கவர்மெண்டு போட்டதுக்கு மேலதான் குடுக்குறோம்னு முதலாளி கணக்கே காட்டிட்டாரு” என்றார். அந்தக் கணக்கை மில்லின் கணக்குப்பிள்ளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். தாளைப் பார்த்ததும், வழக்கு ஓவர்டைமில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நார்த் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த சம்பளத்தில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி, ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும் பஞ்சப்படி இன்னொரு பகுதி. காவலாளிக்கு இரண்டையும் கூட்டினால் அப்போது மாதம் 7,020 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை இதை 30-ஆல் வகுத்து நாளுக்கு 234 ரூபாய் என்று எழுதியிருந்தார். சாதாரண வேலைநாள் 9 மணி நேரம் என்று கொண்டு வகுத்தால் மணிக்கு 26 ரூபாய். மில் கொடுத்த 350-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய் 17 காசு. ஆக, மணிக்கணக்கில் பார்த்தாலும் சட்டம் கேட்பதைவிட 3 ரூபாய் கூடுதல் என்பது அந்தத் தாளின் முடிவு. படித்தால் யாருக்கும் நியாயமாகவே தோன்றும்.

தவறு அந்த 30-இல் இருந்தது. தமிழ்நாட்டு அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளில், மாதச் சம்பளத்திலிருந்து நாட்கூலியைக் காண 26-ஆல் வகுக்க வேண்டும் என்றே விதித்திருக்கும். வார விடுமுறைக்கும் சேர்த்துத்தான் மாதச் சம்பளம் நிர்ணயமாகிறது. ஆறு நாள் உழைத்தவருக்கு ஏழாம் நாளின் கூலியும் அந்த ஆறு நாட்களுக்குள் அடங்கி வந்துவிட வேண்டும். 7,020-ஐ 26-ஆல் வகுத்தால் 270 ரூபாய். 9 மணிக்கு வகுத்தால் மணிக்கு 30 ரூபாய். மில் கொடுத்ததோ 29.17. ஓவர்டைம் என்ற பேச்சையே எடுக்காமல், சாதாரண மணிக்கூலியிலேயே 83 காசு குறைகிறது.

இந்த 83 காசை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். சாதாரண வேலைநாளுக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஓவர்டைம் விகிதத்தில் கூலி தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. விவசாயம் நீங்கலாக மற்றத் தொழில்களில் அது இரட்டிப்பாக இருந்தது. ஆனால் மத்தியப் பிரதேசத்தின் ஹட்டா நகராட்சி வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், அந்த ஓவர்டைம் உரிமை குறைந்தபட்சக் கூலி வாங்குபவருக்குத்தான், அதைவிடக் கூடுதலான சம்பள விகிதத்தில் இருப்பவர் இந்தச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதை எடுத்து வைத்தார். “குறைந்தபட்சம் 270. நாங்கள் தருவது 350. மனுதாரர் இந்தக் கதவுக்குள்ளேயே நுழைய முடியாது” என்பது அவர் வாதம். சுருக்கமான, வலுவான வாதம்.

350 ரூபாய் எத்தனை மணி நேரத்துக்கான கூலி என்று கேட்பதுதான் அதற்கு நான் வைத்திருந்த பதில். 12 மணிக்கான தொகையை 9 மணிக்கான தொகையோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. 350-இல் முதல் 9 மணிக்கு உரிய பங்கு 262 ரூபாய் 50 காசு. அது 270-க்குக் கீழே. ஹட்டா ஊழியர்கள் சாதாரண வேலைநாளுக்கே கூடுதல் சம்பளம் பெற்றவர்கள். என் கட்சிக்காரர் சாதாரண வேலைநாளுக்குக் குறைவாக வாங்கி, அந்தக் குறைவை மூன்று மணி நேரக் கூடுதல் உழைப்பால் ஈடுகட்டியவர். அவர் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே இல்லை. ஆகவே 14ஆம் பிரிவுக்கு வெளியேயும் இல்லை.

இந்த வாதம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. மில் 360 ரூபாய்க்கு மேல் ஒரு பத்து ரூபாய் கொடுத்திருந்தால் மணிக்கூலி 30-ஐத் தாண்டியிருக்கும். ஹட்டா தீர்ப்பு எங்கள் மேல் முழுப் பாரத்தோடு இறங்கியிருக்கும். அடுத்த மில்லில் 370 வாங்கிக்கொண்டு அதே 12 மணி நேரம் விழித்திருந்த இன்னொரு காவலாளிக்கு என்னால் இந்தச் சட்டத்தின் கீழ் இதே உறுதியோடு வாதாட முடிந்திருக்காது. நாளுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கியதாலேயே ஓவர்டைம் உரிமையே ஆட்டம் காணும் என்பதை எந்தத் தொழிலாளிக்கும் நான் நியாயம் என்று விளக்க முடியாது.

எதிர்த்தரப்பின் அடுத்த வாதம், காவலாளி 12 மணி நேரமும் வேலை செய்யவில்லை என்பது. கேட்டில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது, பாதி ராத்திரி படுத்துத்தான் கிடக்கிறார், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போகிறது என்றார்கள். இது லேசான விஷயம் அல்ல. அந்த ஒரு மணியைக் கழித்து 350-ஐ 11-ஆல் வகுத்தால் மணிக்கு 31.82 வரும், எங்கள் 83 காசு காணாமல் போய்விடும். சட்டத்தின் 13ஆம் பிரிவிலும், இடைவிட்டு நடக்கும் தன்மையுள்ள வேலைகளுக்கு வேலை நேர விதியைத் தளர்த்த இடமிருந்தது. உடலுழைப்போ தொடர்ந்த கவனமோ தேவைப்படாமல் சும்மா இருக்கும் நேரம் பணியில் வழக்கமாகவே அடங்கியிருந்தால் அப்படி. ஆனால் ஒரு வேலை அத்தகையது என்று அரசுதான் அறிவிக்க வேண்டியிருந்தது. கட்டிலைக் காட்டி முதலாளி தானே முடிவுசெய்ய முடியாதிருந்தது. அப்படி ஓர் அறிவிப்பை அவர்கள் தாக்கல் செய்யவில்லை.

சட்டம் இருக்கட்டும், உண்மையையும் நிலைநாட்ட நினைத்தேன். தேங்காய் மட்டையை அடித்து, நாரை வெயிலில் காயவைத்துக் கட்டி அடுக்கியிருக்கும் களத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பீடித் துண்டு போதும். மில் தரப்புச் சாட்சியாக வந்த மேலாளரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். ராத்திரி நாரில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு? “வாட்ச்மேன்தான்.” அவர் சாப்பிடும் நேரத்தில் கேட்டை யார் பார்த்துக்கொள்வார்? “அவரே கேட்டுக்குள்ள உக்காந்துதான் சாப்பிடுவாரு.” தொடர்ந்த கவனம் வேண்டுமா, சாப்பாட்டு நேரம் அவருடைய சொந்த நேரமா என்ற இரண்டுக்கும் மில்லே பதில் சொல்லிவிட்டது.

நேரத்தை நிரூபிக்க எங்களுக்கு உதவியது கேட் நோட்டு. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ஊதியப் பதிவேட்டில் வேலை நேரமே எழுதப்படவில்லை. வவுச்சரில் ‘நாள் சம்பளம் 350’ என்ற ஒரே வரி. ஆனால் லாரி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காவலாளி தன் கையால் எழுதி வந்த நீள நோட்டு அலுவலகத்தில் இருந்தது. அதைத் தாக்கல் செய்யும்படி உத்தரவு கேட்டு வாங்கினோம். ஒரே கையெழுத்தில், இரவு 9.40-க்கு ஒரு லாரி, விடியற்காலை 5.10-க்கு இன்னொன்று, காலை 7.50-க்கு மட்டை ஏற்றி வந்த டிராக்டர். பக்கத்துக்குப் பக்கம் அப்படியே. அதற்குப் பிறகு 12 மணி நேரத்தை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை.

கடைசியாக, ‘12 மணி நேரத்துக்கு 350 ரூபாய்க்குச் சம்மதம், வேறு எந்தப் பாக்கியும் கேட்க மாட்டேன்’ என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிய தாள் வந்தது. குறைந்தபட்சக் கூலி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொன்னது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. வேறு வழியில்லாமல் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. மனுவை விசாரித்த அதிகாரி அந்தத் தாளை ஒதுக்கிவிட்டார்.

சாதாரண வேலைநாளை 8 மணியாகக் கொண்டு ஒரு தொகையும், அது ஏற்கப்படாவிட்டால் 9 மணிக் கணக்கில் மாற்றுத் தொகையும் கேட்டிருந்தோம். அதிகாரி 9-ஐ ஏற்றார். முதல் 9 மணிக்கு 270, மீதி 3 மணிக்கு இரட்டிப்பாக மணிக்கு 60 வீதம் 180, ஆக 450. கொடுத்தது 350. நாளுக்கு 100 ரூபாய் பாக்கி. கேட்கப்பட்ட 156 இரவுகளுக்கு 15,600 ரூபாயும், இழப்பீடாக அதே அளவு தொகையும் என்று 31,200 ரூபாய்க்கு உத்தரவானது. குறைவான தொகையின் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சட்டத்தில் இடமிருந்தும் ஒரு மடங்கோடு நிறுத்திக்கொண்டார்.

156 இரவுகள் என்பது ஆறு மாதம். அவர் அந்த கேட்டில் இருந்தது ஆறு ஆண்டு. கூலி தர வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது பழைய சட்டம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம். உரிமை இருப்பதே தெரியாது என்று நாங்கள் சொன்ன காரணம் போதவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய வேலை ஒரு ஏஜென்சி ஆளுக்குப் போய்விட்டது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கூலி கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ நீண்ட நேர டூட்டிக்கு நாள் சம்பளம் வாங்குகிறீர்கள் என்றால், அந்தத் தொழிலுக்கான அறிவிப்பில் அடிப்படையையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்துப் பாருங்கள். வந்து போகும் நேரத்தை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.