இருபது வருடத்தில் கட்டணம் எவ்வளவைத் தின்னும்?

மூன்று மாதத்துக்கு ஒருதடவை எங்களுக்கு மின்னஞ்சலில் வருகிற யுனிட் ட்ரஸ்ட் கூற்றில் நாலே நாலு விஷயங்கள்தான் இருக்கும். திகதி, எங்களிடம் உள்ள அலகுகளின் எண்ணிக்கை, ஓர் அலகின் விலை, மொத்தப் பெறுமதி. கட்டணம் என்றொரு வரி கிடையாது. குறுஞ்செய்திச் சேவைக்கு வங்கி வெட்டுகிற சில்லறைக் காசுகூட கணக்கில் தனி வரியாக வருகிறது. இருபது வருடத்துக்கென்று போட்டுவைத்த காசிலிருந்து வருடா வருடம் போகிற கட்டணம் மட்டும் எங்கள் கண்ணில் படுவதில்லை.

எங்களில் மூன்று பேர், வேலை கிடைத்த பிறகு, ஊழியர் சேமலாப நிதியத்துக்கு மேலதிகமாக இதில் காசு போட்டு வருகிறோம். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு தொடுவதாகத்தான் எண்ணம். "வருஷத்துக்கு ரெண்டு வீதம்தானே, அதெல்லாம் ஒரு காசே?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கேள்வி நியாயமானது. பதிலை ஊகிக்கத் தேவையில்லை, நிதியத்தின் ஆண்டறிக்கையிலேயே அதற்கான எண்கள் கிடக்கின்றன.

முதலில், ஏன் அந்த வரி இல்லை? கட்டணம் எங்களிடமிருந்து நேராக வாங்கப்படுவதில்லை. நிதியத்தின் மொத்தச் சொத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு துளி கழிக்கப்படுகிறது. மிச்சத்தை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் அன்றைய அலகு விலையை அறிவிக்கிறார்கள். ஒரு இலட்சம் ரூபா வைத்திருப்பவருக்கு, வருடம் 2 சதவீதம் என்றால், ஒரு நாளைக்குக் கழிவது ஏறத்தாழ 5 ரூபா 48 சதம். அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். விலை அன்றைக்கு ஏறினால் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும், இறங்கினால் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே எங்களுடைய கூற்றை விட்டுவிட்டு நிதியத்தின் ஆண்டறிக்கைக்குப் போனோம். அதில் வருமானக் கூற்று என்ற பக்கத்தில் செலவுகள் வரிசையாக இருக்கும். எங்கள் நிதியத்தில் முகாமைத்துவக் கட்டணம் 2 கோடியே 14 இலட்சம், நம்பிக்கைப் பொறுப்பாளருக்குப் போனது 34 இலட்சம், கணக்காய்வு, பாதுகாப்பு, ஏனையவை எல்லாம் சேர்த்து 20 இலட்சம். மொத்தம் 2 கோடியே 68 இலட்சம் ரூபா. அடுத்ததாகத் தேறிய சொத்துப் பெறுமதி வேண்டும். வருடத் தொடக்கத்தில் அது 114 கோடி, முடிவில் 154 கோடி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 134 கோடி. இப்ப வகுக்க வேண்டியதுதான்:

```
2.68 / 134 = 0.02
```

அதாவது வருடத்துக்கு 2 சதவீதம். நிதியத்தின் விளம்பரத் துண்டில் பெரிதாக இருந்தது 1.6 சதவீத முகாமைத்துவக் கட்டணம் மட்டும்தான். மிச்சம் 0.4 சதவீதம் மற்றச் செலவுகளில் இருந்தது.

இந்த வகுத்தலில் ஒரு பொறி உண்டு. வருட முடிவுப் பெறுமதியை மட்டும் எடுத்து வகுத்தால் 1.74 சதவீதம் என்று வரும். நிதியம் வளர்ந்த வருடத்தில் கட்டணம் உண்மையிலும் குறைவாகத் தெரியும். தொடக்கம், முடிவு இரண்டின் சராசரிகூட எப்போதும் சரிவராது. கடைசி மாதத்தில் யாரோ பெரிய தொகை போட்டிருந்தால் சராசரி வீங்கிவிடும். அதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முகாமைத்துவக் கட்டணம் 1.6 சதவீதம் என்று துண்டில் சொல்கிறார்கள், அறிக்கையில் அது 2.14 கோடி. 2.14ஐ 0.016ஆல் வகுத்தால் 133.75. கட்டணம் நாளுக்கு நாள் கணக்கிடப்படுவதால், உண்மையில் வருடம் முழுக்க இருந்த சராசரிச் சொத்து ஏறக்குறைய இந்த 133.75 கோடிதான். எங்களுடைய 134க்குப் பக்கத்தில் நிற்கிறது, பிரச்சினை இல்லை. இரண்டும் தூரமாக நின்றால் இந்த இரண்டாவது எண்ணை எடுப்பதுதான் நல்லது. அரையாண்டு அறிக்கையைக் கையில் வைத்திருந்தால், அதில் உள்ளது ஆறு மாதச் செலவு என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, 2 சதவீதம் கிடைத்துவிட்டது. இருபது வருடத்தில் என்னவாகும்? இங்கேதான் நாங்கள் நினைத்ததைவிட வேலை சுலபமாக முடிந்தது. இருபது வருடத்தில் பங்குச் சந்தை எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம் வரை போனதைப் பார்த்த நாட்டில், இருபது வருடத்து வளர்ச்சி இவ்வளவு என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் இந்தக் கணக்குக்கு அது தேவையே இல்லை.

ஒரு வருடம் நிதியத்தின் சொத்து எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், கட்டணம் போனபின் எங்களுக்கு மிஞ்சுவது அதில் 98 சதவீதம். அடுத்த வருடமும் அப்படித்தான். ஏற்ற இறக்கம் கட்டணம் உள்ள கணக்குக்கும் இல்லாத கணக்குக்கும் ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிடும்போது அது அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது 0.98 மட்டும், இருபது தடவை பெருக்கப்பட்டபடி. போனைச் சரித்துப் பிடித்தால் கல்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் வரும்:

```
0.98^20 = 0.668
```

அதாவது, இன்றைக்கு ஒரே தடவையில் போடுகிற காசு இருபது வருடத்தில் என்னவாக வந்திருக்குமோ, அதில் மூன்றில் ஒரு பங்கு எங்களிடம் வராது. சந்தை நல்லாய் இருந்தாலும் 33 சதவீதம், மோசமாய் இருந்தாலும் 33 சதவீதம். இரண்டை இருபதால் பெருக்கி 40 என்று சொல்வதும் சரியில்லை. ஒவ்வொரு வருடமும் ஏற்கெனவே குறைந்த தொகையிலிருந்துதான் கழிக்கிறார்கள். கட்டணம் 1 சதவீதமாக இருந்தால் இழப்பு 18, அரைச் சதவீதமாக இருந்தால் 10க்குச் சற்றுக் குறைவு.

நாங்கள் மொத்தமாகப் போடவில்லை, மாதா மாதம் பத்தாயிரம் ரூபா போடுகிறோம். அப்போது இழப்பு குறையும். முதல் மாதத்துக் காசுதான் இருபது வருடமும் கட்டணம் கட்டுகிறது, கடைசி மாதத்துக் காசு கட்டுவது ஒரு மாதத்துக்கு மட்டும். இங்கே வளர்ச்சியும் கொஞ்சம் குறுக்கிடும். வளர்ச்சி கூடும்போது முதலில் போட்ட காசின் கனம் கூடும், இழப்பும் கூடும். வளர்ச்சியே இல்லையென்றால் ஏறத்தாழ 18 சதவீதம், வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 23க்குச் சற்றுக் குறைவு, 15 சதவீதம் வளர்ந்தால் 25க்குச் சற்றுக் குறைவு. ஆகவே மாதா மாதம் போடுகிறவர் தன் முடிவுத் தொகையில் நாலிலோ ஐந்திலோ ஒரு பங்கு போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் எங்களைக் கொஞ்சம் உலுக்கியது வேறொரு கணக்கு. போன வருடம் எங்கள் அலகு விலை 25.00இலிருந்து 26.95 ஆனது. பங்கிலாபம் எதுவும் வெளியே தரப்படவில்லை. ஏற்றம் 7.8 சதவீதம். இந்த 7.8 கட்டணம் போன பிறகு உள்ளது. இதிலிருந்து இன்னொரு தடவை 2ஐக் கழிக்கக்கூடாது. கட்டணத்துக்கு முன் எவ்வளவு என்று பார்க்க 1.078ஐ 0.98ஆல் வகுத்தோம். வந்தது 1.10, அதாவது 10 சதவீதம். இப்ப ஒரு எடுகோளுக்கு விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுவதாகவும், இதே 10 சதவீதம் இருபது வருடம் தொடர்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் சொன்னால், ஒரு இலட்சம் ரூபா கட்டணமில்லாமல் 2 இலட்சத்துப் பத்தாயிரம் ஆகியிருக்கும். கட்டணத்தோடு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். உண்மையான இலாபம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரமாக இருக்கவேண்டியது நாற்பதாயிரமாக நிற்கிறது. முடிவுத் தொகையில் மூன்றில் ஒன்று என்று கேட்டபோது தாங்கக்கூடியதாக இருந்தது, இலாபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு என்றதும் கேள்வி கேட்ட எங்கள் தோழி கல்குலேட்டரை வாங்கித் தானே ஒருக்கால் அடித்துப் பார்த்தாள்.

சேரும்போது ஒரே தடவை வெட்டுகிற நுழைவுக் கட்டணத்தைப் பற்றித்தான் எங்கள் வட்டத்தில் எல்லோரும் முறைப்பாடு செய்வார்கள். விற்பனை விலைக்கும் மீள வாங்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசமாக அது தெரிகிறது, அதனால் கண்ணை உறுத்துகிறது. ஆனால் ஒரு தடவை வெட்டும் 2 சதவீதம் இருபது வருடம் கழித்தும் 2 சதவீதம்தான். வருடா வருடம் வெட்டும் 2 சதவீதம் 33 ஆகிறது. ஒரே எண் என்பதற்காக இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது.

எங்கள் மதிப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. நிதியம் பங்குகளை வாங்கி விற்கும்போது தரகர் கட்டணம் போகிறது. சில அறிக்கைகளில் அது தனிச் செலவாக வரும், அப்படி வந்தால் கூட்டிக்கொள்ளலாம். சிலவற்றில் கொள்விலைக்குள்ளேயே கலந்திருக்கும், பிரித்தெடுக்க முடியாது. ஆகவே நாங்கள் கண்ட 2 சதவீதம் குறைந்தபட்சம்தான். அதேபோல இருபது வருடமும் இதே கட்டணம் இருக்கும் என்றும் இல்லை. நிதியம் பெரிதானால் கணக்காய்வு போன்ற செலவுகள் பலபேருக்குப் பங்கிடப்பட்டு விகிதம் இறங்கலாம். ஒரு வருடத்து எண்ணை நம்பாமல் மூன்று வருட அறிக்கைகளை எடுத்து இதே வகுத்தலைச் செய்தோம். மூன்றிலும் 2க்குப் பக்கத்தில்தான் வந்தது.

கட்டணம் வாங்குவதே பிழை என்று நாங்கள் சொல்லவரவில்லை. எந்தப் பங்கை வாங்குவது என்று தேடிப்பார்க்கிற வேலையை யாரோ செய்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். கேட்கவேண்டியது, அந்த வேலைக்கு இந்த விலை தகுமா என்பதுதான். நிலையான வைப்புகளிலும் திறைசேரி உண்டியல்களிலும் மட்டும் காசு போடுகிற நிதியத்தில் தேடும் வேலை குறைவு, அங்கே 2 சதவீதம் கொடுப்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. பங்கு நிதியத்தில் அதையே யோசித்துப் பார்க்கலாம்.

மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஒருவர் இதே நிதியத்தில் தொடர்கிறார், தனியாகப் பங்கு தெரிவுசெய்ய நேரமில்லை என்பது அவருடைய கணக்கு. மற்ற இருவரும், இதே வகைப் பங்குகளை வைத்திருக்கும் இன்னொரு நிதியத்தின் அறிக்கையை இறக்கி, செலவைச் சராசரிச் சொத்தால் வகுத்து, 1.2 சதவீதம் என்று கண்டு, புதிதாகப் போடும் மாதக் காசை அங்கே மாற்றியிருக்கிறார்கள். பழைய அலகுகளை விற்கவில்லை, அங்கே புதிதாகச் சேர நுழைவுக் கட்டணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மார்ச் மாதக் கணக்கு முடிந்து அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் இரண்டு நிதியத்துக்கும் இதே வகுத்தலைத் திரும்பச் செய்வோம்.