'சூப்பர்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்!

மேனாம்பேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. மனைவி தொலைதூரக் கல்வியில் எம்.காம். படித்தவர். ஒரு பேப்பரில் அரியர் விழுந்து, மறுபடி எழுதி, இப்போது எல்லாவற்றிலும் பாஸ். ரிசல்ட் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட்டை கணவருக்கு அனுப்புகிறார்.

பலரும் அனுப்பும் பதில், ஒரு கட்டைவிரல் எமோஜி. அன்பு இல்லாமல் இல்லை, வேலை மும்முரம்தான் காரணம். ஆனால், அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு யோசிக்க வைக்கிறது. காதல் ஜோடிகளிடம் நடந்த ஆய்வு அது. கெட்ட செய்திக்குத் துணை எப்படி ஆறுதல் சொன்னார் என்பதைவிட, நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொன்னார் என்பதே உறவின் நலனோடு நெருக்கமாகத் தொடர்புடையதாக இருந்தது. 'ம், நல்லது' என்ற மந்தமான பதிலை, உற்சாகமாகக் கேள்வி கேட்கும் பதிலோடு ஒன்றாகச் சேர்க்க முடியாது என்கிறார் கேபிள்.

சரி, நாலு வார்த்தை கூட எழுதலாம் என்று 'நீ புத்திசாலின்னு எனக்கு அப்பவே தெரியும்' என அனுப்பினால்? இங்கேயும் ஒரு சிக்கல். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்டவர்கள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும் சோர்ந்துபோனார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். குழந்தைகளிடம் கண்டதை அப்படியே தம்பதிகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், பாஸானதால் புத்திசாலி என்றால் அரியர் விழுந்தபோது என்னவாக இருந்தோம் என்ற கேள்வி பெரியவர்களுக்கும் வரும்தானே?

அதே கணவர் இப்படி எழுதலாம்:

"பாஸாயிட்ட, ரொம்ப சந்தோஷம்! அரியர் வந்த அன்னிக்கு புக்கை மூடி வெச்சிருக்கலாம். நீ வெக்கல. நான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போதெல்லாம் டைனிங் டேபிள்ல நோட்டு விரிஞ்சு கிடக்கும். தப்பான கணக்கை மட்டும் தனி நோட்டுல திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தியே, அதுதான் கைகொடுத்திருக்கு. எந்தக் கேள்வி ரொம்பப் படுத்துச்சு? வந்ததும் சொல்லு."

முதல் வரி ரிசல்ட்டைக் கொண்டாடுகிறது. முயற்சியைப் பாராட்டுகிறேன் என்று அதை விட்டுவிடக் கூடாது. அடுத்து, கண்ணால் பார்த்த ஒரு காட்சி. பிறகு, பலன் கொடுத்த ஒரு பழக்கம். கடைசியில் ஒரு கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லும்போது, அந்த சந்தோஷம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும்.

தவறு நடக்கும் இடங்களும் உண்டு. வெறுமனே 'கஷ்டப்பட்டுப் படிச்ச' என்றால், 'திறமை இல்லை, உழைப்புதான்' என்றும் காதில் விழலாம். எப்படி உழைத்தார் என்று சொன்னால் அந்தச் சந்தேகம் வராது. 'நானும்தானே பசங்களைப் பார்த்துக்கிட்டேன்' என்பது உண்மையாகவே இருந்தாலும், அதற்கான நாள் இதுவல்ல. இன்னொன்று, அரியர் பற்றிய வரிகள் இருவருக்குள் மட்டும். ஃபேமிலி குரூப்பில் போடும் வாழ்த்தில் அது வேண்டாம்!