‘மேற்படி’ என்பது கொம்பியூட்டருக்குத் தெரியாது

கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் நிவாரணம், சந்தா, பாடசாலை வேலை என்று ஏதாவது ஒன்றுக்குப் பெயர்ப் பட்டியல் செய்கிற தம்பி, தங்கச்சிமார் ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் கொப்பியில் பட்டியல் எழுதும்போது வீதியின் பெயரை மேலே ஒரு தரம் எழுதுவோம். அதற்குக் கீழே வீடு வீடாகப் பெயர் போகும். வீதிக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும், அல்லது ‘மேற்படி’ என்று ஒரு கோடு போடுவோம். வாசிக்கிறவருடைய கண் தானாகவே மேலே போய் வீதியைப் பார்த்துக்கொள்ளும். அதே பட்டியலை அப்படியே எக்செல்லில் அடித்தால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் எக்செல் மேலே பார்க்காது. ஒவ்வொரு நிரையையும் தனித்தனியாகத்தான் எடுக்கும். வீதிக் கலம் வெறுமை என்றால், அந்த வீட்டுக்கு வீதி இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

வெள்ளத்துக்கு உலருணவுப் பொதி கொடுக்க ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். A நிரலில் வீதி, B இல் குடும்பத் தலைவர், C இல் அங்கத்தவர் எண்ணிக்கை, D இல் போன் நம்பர். முதலாம் நிரை தலைப்பு. A2 இல் ‘கடற்கரை வீதி’, A33 இல் ‘கிணற்றடி ஒழுங்கை’, A57 இல் ‘பாடசாலை வீதி’. கடைசி வீடு 97ஆம் நிரையில். ஆக 96 வீடு, ஆனால் வீதிப் பெயர் இருப்பது மூன்றே மூன்று கலத்தில்.

இப்போது கிணற்றடி ஒழுங்கையை மட்டும் Filter போட்டால் ஒரேயொரு வீடுதான் வரும். “ரீச்சர், 24 வீடு அடிச்சோம், ஒண்டுதானே காட்டுது” என்று கேட்பார்கள். அடித்தது ஒன்றும் தொலையவில்லை. மற்ற 23 வீடும் வெறுமைக் கலத்தோடு மறைந்து நிற்கின்றன. அந்த ஒழுங்கைக்கு எத்தனை பேருக்கு அரிசி வேண்டும் என்று SUMIF போட்டாலும் இதே கதைதான். 109 வர வேண்டிய இடத்தில் முதல் வீட்டின் 5 மட்டும் வரும். இப்படி எடுத்த கணக்கை நம்பிப் பொதி கட்டினால், விடுபடுவது பட்டியலில் பெயர் இருக்கிற வீடுகள்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து Sort. யாராவது பெயர் வரிசைப்படி அடுக்கிவிட்டால் வீதிப் பெயர் மூன்று வீட்டோடு மட்டும் போகும். மற்ற 93 வீடும் எந்த வீதி என்று பைலில் எங்கேயும் இருக்காது. ஏனென்றால் அதுவரைக்கும் வீதியைச் சொன்னது எழுத்து அல்ல, வரிசை. வரிசை கலைந்த பட்டியலில் வெறுமைக் கலங்களை நிரப்பப் போகாதீர்கள், எல்லாம் பிழையான வீதியில் போய் விழும். உடனே கண்டால் Ctrl+Z. இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் முன்பு அனுப்பிய பைலையோ, அச்சடித்த தாளையோ தேடி எடுத்து அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

நிரப்புவதற்கு முன்னால் நாலு வேலை இருக்கிறது.

பைலை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். E நிரலில் 1, 2, 3 என்று தொடர் இலக்கம் போடுங்கள். பிறகு வரிசை கலைந்தாலும் அந்த இலக்கத்தால் திருப்பி அடுக்கலாம். வீதிப் பெயரை நடுவில் காட்டுவதற்காகக் கலங்களைச் சேர்த்திருந்தால் A நிரலைத் தெரிவு செய்து Unmerge Cells கொடுங்கள். பெயர் மேல் கலத்தில் நிற்கும், கீழே வெறுமையாகும். கடைசியாக, ஒவ்வொரு வீதிக்கும் கீழே ‘மொத்தம்’ என்று ஒரு நிரையோ, இடைவெளிக்கு வெற்று நிரையோ இருந்தால் அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் அந்த மொத்த நிரைக்கும் வீதிப் பெயர் ஏறும். கிணற்றடி ஒழுங்கை 24 வீடு 25 ஆகும், 109 பேர் 218 ஆகும்.

இனி நிரப்பலாம். இடப்பக்கம் மேலே உள்ள Name Box இல் A2:A97 என்று அடித்து Enter தட்டுங்கள். கடைசி நிரை எது என்பதை A நிரலை வைத்துப் பார்க்க வேண்டாம், பெயர் இருக்கிற B நிரலை வைத்துப் பாருங்கள். பிறகு Ctrl+G, அதில் Special, அதில் Blanks, பிறகு OK. இப்போது வெறுமைக் கலங்கள் மட்டும் தெரிவாகியிருக்கும். இந்த நேரத்தில் மவுஸால் எங்கேயும் தட்டக்கூடாது, தட்டினால் தெரிவு போய்விடும். அப்படியே சமன் குறியை அடித்து, மேல் நோக்கிய அம்புக்குறியை ஒரு தரம் அழுத்துங்கள். இப்படி வரும்:

```
=A2
```

இப்போது Enter அல்ல, Ctrl+Enter. வெறும் Enter தட்டினால் ஒரு கலம் மட்டும்தான் நிரம்பும். Ctrl+Enter தட்டினால் 93 கலமும் ஒரே தரத்தில் நிரம்பும், ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதை எடுக்கும். பெயர் வராமல் =A2 என்ற எழுத்தே தெரிந்தால் அந்த நிரல் Text ஆக இருக்கிறது. Ctrl+Z கொடுத்து, நிரலை General ஆக மாற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். முடியவில்லை. கலங்களில் இருப்பது இன்னும் வீதிப் பெயர் அல்ல, ‘மேலே பார்’ என்ற சூத்திரம். A40 இல் இருப்பது =A39. அந்த வீட்டை Sort செய்து 12ஆம் நிரைக்குக் கொண்டுபோனால் அது =A11 ஆகிவிடும், புதிதாக மேலே வந்த வீட்டின் வீதியைக் காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. வெறுமையாக இருந்தாலாவது குறை கண்ணுக்குத் தெரியும். இது நிரம்பிய கலத்தில் பிழையான வீதியைக் காட்டும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஆகவே A2:A97 முழுவதையும் மறுபடி தெரிவு செய்து Ctrl+C கொடுங்கள். பிறகு அதே இடத்தில் Paste Special, அதில் Values. இப்போது A40 ஐத் தட்டி மேலே உள்ள பட்டையைப் பாருங்கள். =A39 என்று இருந்தால் இன்னும் முடியவில்லை. ‘கிணற்றடி ஒழுங்கை’ என்று இருந்தால் சரி.

பிறகு சரிபார்க்க வேண்டும். நிரப்புவதற்கு முன்னரே விடை எங்கள் கையில் இருக்கிறது. கிணற்றடி ஒழுங்கை 33இல் தொடங்குகிறது, அடுத்த வீதி 57இல் தொடங்குகிறது, ஆக 24 வீடு. கடற்கரை வீதி 31, பாடசாலை வீதி 41. இதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, நிரப்பிய பிறகு கேளுங்கள்:

```
=COUNTIF(A2:A97,A33)
```

24 வர வேண்டும். 7 வந்தால் என்ன அர்த்தம்? A40 இல் யாரோ Space bar ஐத் தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு வெறுமை, எக்செல்லுக்கு அது ஒரு எழுத்து. Blanks அதைத் தெரிவு செய்யாது. அதற்குக் கீழே உள்ள 16 கலமும் அந்த இடைவெளியைத்தான் பிரதி எடுத்திருக்கும். A40 ஐ மட்டும் Delete கொடுத்தால் போதாது. எடுத்து வைத்த பிரதியில் அந்தக் கலத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

போனில் Google Sheets பாவிப்பவர்களுக்கு Go To Special கிடையாது. வெறுமையான F நிரலில், F2 இல் இதை அடித்து F97 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(TRIM(A2)="",F1,A2)
```

A வெறுமை என்றால் F இல் தனக்கு மேலே உள்ளதை எடு, இல்லாவிட்டால் A இல் உள்ளதை எடு என்று அர்த்தம். TRIM இருப்பதால் இடைவெளி தட்டிய கலத்தையும் வெறுமையாகவே எடுக்கும். பிறகு F2:F97 ஐப் பிரதி எடுத்து A2 இல் பெறுமானத்தை மட்டும் ஒட்டுங்கள். F ஐ அழித்துவிடலாம்.

எல்லா வெறுமையும் ‘மேற்படி’ அல்ல. D நிரலில் போன் நம்பர் இல்லாத வீடு என்றால் அங்கே போன் இல்லை, அல்லது தரவில்லை. அதை மேல் வீட்டின் நம்பரால் நிரப்பினால் ஒருவருக்கான செய்தி இன்னொருவருக்குப் போகும். நிரப்ப வேண்டியது தலைப்பாக ஒரு தரம் எழுதிய நிரலை மட்டும்தான்.

அந்த நிரலிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கொப்பியில் பக்கம் மாறும்போது புதிய வீதியின் பெயரை எழுத மறந்திருப்பார்கள். அல்லது கடைசியில் ‘பிறகு வந்தவர்கள்’ என்று நாலு பெயரைத் தலைப்பில்லாமல் சேர்த்திருப்பார்கள். நிரப்பினால் அவர்களும் பாடசாலை வீதிக்காரர் ஆகிவிடுவார்கள். COUNTIF இதைக் காட்டாது, ஏனென்றால் நாங்கள் எண்ணியதும் அதே பட்டியலில் இருந்துதான். ஆகவே நிரப்பிய பட்டியலை வீதி வீதியாக அச்சடித்து, அந்தந்த வீதியில் இருக்கிற ஒரு நானாவிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். தங்கள் வீதியில் இல்லாத ஆளை அவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். வீதி தெரியாத வீட்டுக்கு ‘தெரியாது’ என்றே அடியுங்கள். அப்படி அடித்தால் Filter இல் அது தனியாக வந்து நிற்கும், விசாரித்துத் திருத்தலாம்.

புதிதாகப் பட்டியல் தொடங்குகிறவர்கள் முதல் வீட்டிலிருந்தே ஒவ்வொரு நிரையிலும் வீதியை எழுதிவிடுங்கள். Ctrl+D தட்டினால் மேல் கலத்தில் உள்ளது கீழே வந்துவிடும், திரும்ப அடிக்கத் தேவையில்லை. செய்து பார்த்து எங்காவது நின்றுவிட்டால், எந்தக் கலத்தில் என்ன வருகிறது என்று கமெண்டில் எழுதுங்கள். பெயரும் நம்பரும் தெரிகிற மாதிரிப் பட்டியலை போட்டோ எடுத்துப் போட வேண்டாம்.