பேருந்து வந்தது என்று...

ஒரு குறள் வெண்பாவுக்கு ஏழே ஏழு சீர்தான். அந்த ஏழு சீரை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் பட்ட பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன். செய்யுள் என்றாலே தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்கிற வகையறா நீங்கள் என்றால், நானும் உங்கள் கட்சிதான், போன மாதம் வரை.

துறையில் வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் பத்திரிகை வரும். இந்த முறை கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிக்கு மட்டும் இடம் பாக்கி இருந்தது. "யாராவது குறள் வெண்பா எழுதுங்கப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார், பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் முதுகலை அக்கா. நான் கையைத் தூக்கிவிட்டேன். முந்தின நாள்தான் கடைசிப் பேருந்து கையைக் காட்டியும் நிற்காமல் போய், ஊருக்கு நடந்தே வந்திருந்தேன். அதையே எழுதினால் போச்சு என்று நினைப்பு.

முதலில் வந்தது இப்படி:

பேருந்து வந்தது என்று விரைந்தோடி
ஊருக்கு நடந்து வந்தேன்

எண்ணிப் பார்த்தால் முதல் அடியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்று. எதுகைகூட (பேரு, ஊரு) அதுவாக அமைந்துவிட்டது. வெண்பா ஆகிவிட்டதா? இல்லை. எண்ணிக்கை சரியாக இருப்பது பாதிக் கிணறுகூட இல்லை.

இங்கே கொஞ்சம் அடிப்படை. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். அசை இரண்டே வகை. ஒரு குறிலோ நெடிலோ தனியாக நின்றால் நேர். 'வா' நேர். 'வந்' என்பதும் நேர்தான், புள்ளி வைத்த எழுத்துக்குக் கணக்கில்லை. ஒரு குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ ஒட்டிக்கொண்டு வந்தால் நிரை. 'வரு', 'வரும்', 'விழா' எல்லாம் நிரை. நெடில் தனக்குப் பின்னால் யாரையும் சேர்த்துக்கொள்ளாது. குறில்தான் துணை தேடும். துணை கிடைக்காத குறில் நேர் ஆகிவிடும்.

இரண்டு அசை சேர்ந்த சீர் நாலு வகை: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இந்தப் பெயர்களை வைத்தவருக்குக் கோயில் கட்டலாம். பெயரே வாய்பாடு! தே-மா என்று பிரித்தால் நேர் நேர். புளி-மா என்றால் நிரை நேர். கூ-விளம் நேர் நிரை, கரு-விளம் நிரை நிரை. இவற்றின் பின்னால் மூன்றாவதாக ஒரு நேர் வந்தால் காய் (தேமாங்காய், புளிமாங்காய் என்று), நிரை வந்தால் கனி. வெண்பாவில் காய் வரலாம், கனி வரவே கூடாது. 'பேருந்து' என்பது பே-ருந்-து, தேமாங்காய், உள்ளே வரலாம். ஆனால் 'பேருந்துகள்' என்று பன்மை ஆக்கினால் பே-ருந்-துகள், தேமாங்கனி. வெளியே போ! நல்லவேளை, எனக்கு நிற்காமல் போனது ஒரே ஒரு பேருந்துதான்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு சீரும் அடுத்த சீரும் எப்படிக் கைகோக்கின்றன என்பதுதான் தளை. மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளச்சீர் வந்தால் நேரில் தொடங்க வேண்டும். அதாவது மா நேரில் முடிகிறது, எதிரே நிரை. விளம் நிரையில் முடிகிறது, எதிரே நேர். இரண்டு இடத்திலும் மாறி மாறி வருகிறது. காய் மட்டும் முரண்டு பிடிக்கும். அது நேரில் முடிந்தாலும் அடுத்ததும் நேராகவே இருக்க வேண்டும். இதை நான் 'காய்க்கு நேர்' என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும் இதே சட்டம்தான், அங்கே விடுமுறை கிடையாது.

இப்போது என் இரண்டாம் அடியைப் பாருங்கள். ஊ-ருக்-கு, தேமாங்காய். அடுத்து நேர் வரவேண்டும். வந்திருப்பதோ நடந்-து, நிரையில் தொடங்குகிறது. தட்டிவிட்டது. நடந்-து புளிமா, அடுத்து நிரை வேண்டும். வந்-தேன் என்று நேர் வந்து நிற்கிறது. மறுபடியும் தட்டிவிட்டது. போதாக்குறைக்குக் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். நாள் ஒரு நேர், மலர் ஒரு நிரை. காசும் பிறப்பும் அவற்றோடு ஒரு குற்றியலுகரம் சேர்ந்தவை. 'வந்தேன்' இதில் எதிலும் சேராது. மூன்று சீரில் மூன்று தப்பு!

வெறுத்துப்போய்க் கடைசி இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் பார்த்தேன். ஊருக்கு வந்தேன் நடந்து. காய்க்குப் பின் நேர், சரி. வந்-தேன் தேமா, அதன் பின் நடந் என்று நிரை, சரி. நடந்-து அச்சு அசலாகப் 'பிறப்பு'. ஒரே மாற்றத்தில் மூன்றும் தீர்ந்தது. செய்யுளில் வினையெச்சத்தைக் கடைசியில் போட்டு ஏன் தலைகீழாக எழுதுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எரிச்சல் பட்டிருக்கிறேன். இப்போது அந்த எரிச்சல் பாதி போய்விட்டது.

முதல் அடியையும் அலகிட்டுப் பார்த்தேன். பே-ருந்-து தேமாங்காய், வந்-தது கூவிளம், என்-று தேமா, விரைந்-தோ-டி புளிமாங்காய், அடுத்த அடியின் ஊ நேர். எல்லாம் கச்சிதம். வியாழக்கிழமையே பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பென்சில் வட்டத்தோடு திரும்பி வந்தது.

"முதல் அடி தளை தட்டுது தம்பி."

"இல்லக்கா, அலகிட்டுப் பார்த்துட்டேன்."

"கண்ணால பார்த்திருப்ப. வாய்விட்டுப் படி. வேகமா."

படித்தேன். பேருந்து வந்ததென்று விரைந்தோடி. படிக்கும்போதே தெரிந்துவிட்டது. வந்தது, என்று என நான் இடைவெளி விட்டுத்தான் எழுதியிருந்தேன். வாய் அந்த இடைவெளியை மதிக்கவில்லை. 'வந்தது' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். எதிரே உயிரெழுத்து வந்தால் அது ஓடிப்போய்விடும். ஆக, செய்யுளில் அது 'வந்த தென்று'. வந்-தது கூவிளமாக இருந்தது வந்-த என்று தேமாவாகிவிட்டது. தேமாவுக்குப் பின் நிரை வேண்டும், தென் என்பதோ நேர். விளத்தை நம்பி நேரை வைத்தேன், விளமே காலை வாரிவிட்டது.

"அப்போ 'விரைந்தோடி'க்கு அப்புறமும் 'ஊருக்கு'ன்னு உயிர்தானே வருது?" என்று மடக்கினேன்.

"அது 'யூருக்கு' ஆகும். யூவும் நெடில், நேர்தான். ஒண்ணும் கெடாது. உகரம்தான் ஆளை முழுங்கும்."

சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார். 'என்று' என்பதைத் தூக்க வேண்டும், அதன் இடத்தில் மெய்யில் தொடங்குகிற ஒரு தேமா வேண்டும். உணவகத்தில் டீ ஆறிப்போனதுதான் மிச்சம், வெகுநேரம் எதுவும் வரவில்லை. 'வந்ததும்' என்று மாற்றியபோதுதான் வழி திறந்தது. மகர மெய்யில் முடிவதால் அதில் விழுங்க உகரமே இல்லை.

பேருந்து வந்ததும் பின்னால் விரைந்தோடி
ஊருக்கு வந்தேன் நடந்து

வந்-ததும் கூவிளம், பின்-னால் தேமா. முதல் சீரின் 'பே'யும் மூன்றாம் சீரின் 'பி'யும் மோனையாகச் சேர்ந்துகொண்டது எனக்கே ஆச்சரியம், அதை நான் தேடவே இல்லை.

அக்கா இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார். அன்றைக்கும் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை :-)