அப்பாயி வீட்டுக் கிணற்றடி

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளிய ஒரு தெருவின் கோடியில் அப்பாயி வீடு இருந்தது. இன்றைக்குக் கண்ணை மூடினால் அந்த வீட்டின் கூடமோ முற்றமோ முதலில் வருவதில்லை. கொல்லைக் கிணற்றடிதான் வருகிறது. வட்டமான கைப்பிடிச் சுவர், பக்கத்தில் நடுவே குழிந்துபோன கருங்கல், அதிலிருந்து வாழைக்கு ஓடும் சிறு வாய்க்கால். கார்த்திகைக்கு முந்தின நாள் அந்த வாய்க்காலை அப்பாயி ஒரு கொத்து ஈரமண்ணால் அடைத்துவிடுவார். புளியும் உப்பும் களிம்பும் கலந்த தண்ணீர் வாழைக்கு ஆகாது என்று வேலியோரம் திருப்பிவிடுவார். அதைப் பார்த்ததும் விளக்கு தேய்க்கிற நாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

புளிக்காகத் தனியாகக் காசு செலவழிந்ததில்லை. பத்து நாளைக்கு முன்பிருந்தே குழம்புக்கும் ரசத்துக்கும் கரைத்த புளியின் சக்கை ஒரு கொட்டாங்குச்சியில் சேரும். போன வருஷத்துப் புளி கறுத்துப்போய்ப் பானையின் அடியில் கிடந்தால் அதுவும் சேரும். பிழிந்த எலுமிச்சை மூடிகள் இன்னொரு கொட்டாங்குச்சியில். சாம்பலில்தான் அப்பாயி கறாராக இருப்பார். அடுப்பில் விறகுச் சாம்பல், வரட்டிச் சாம்பல், நெல் அவிக்கிற அடுப்பின் உமிச்சாம்பல் என்று மூன்றும் உண்டு. உமிச்சாம்பலை விளக்குப் பக்கமே வரவிட மாட்டார். அதில் மணலின் தன்மை அதிகம். அண்டாவின் கரிபிடித்த அடிக்கு அது சரி, விளக்கின் பூவேலையில் பட்டால் கீறிவிடும். வரட்டிச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் சலித்து எடுப்போம். விரலிடுக்கில் மாவுபோல நழுவ வேண்டும். ஒரு கரித்துண்டு தட்டுப்பட்டாலும் மறுபடி சலிக்கச் சொல்லுவார்.

பெரிய குத்துவிளக்கு மூன்றடி உயரம். நாச்சியார்கோயில் பட்டறையில் வார்த்தது. மேலே அன்னம், அதன்கீழ் ஐந்து முக எண்ணெய்த் தட்டு, தண்டு, பாதம் என்று நாலாகக் கழலும். மரை இறுகியிருந்தால் தட்டித் திருகக் கூடாது. இணைப்பில் வெந்நீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே இறுகிய எண்ணெய் இளகும்.

கழற்றி வைத்த தட்டைப் பார்த்தால் பித்தளை என்றே சொல்ல முடியாது. அதில் மூன்றுவித அழுக்கு இருக்கும். முகங்களின் நுனியில் திரியின் கரி. குழிக்குள் எண்ணெய் காய்ந்து அரக்குமாதிரி ஒட்டிய பிசுக்கு. அதற்கும் அடியில், காற்றுபட்டுக் கறுத்த உலோகம். எண்ணெய் தேங்கிய இடத்தில் பச்சையாகக் களிம்பு. எடுத்தவுடன் புளியைப் போட்டுத் தேய்க்கிறவர்கள் தோற்பது இங்கேதான். புளிப்பு உலோகத்தின் கறுப்பைக் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை ஊடுருவாது. மணிக்கணக்கில் தேய்த்தாலும் தட்டு திட்டுத்திட்டாகவே நிற்கும்.

அதனால் முதலில் சாம்பல். வெந்நீரில் குழைத்துப் பிசுக்கின்மேல் அப்பி, தேங்காய் நாரால் தேய்ப்போம். சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பின் தன்மைக்கு வந்துவிடும். கைக்கு வழவழவென்று தெரியும். அந்த வழவழப்பு வந்தால் பிசுக்கு இளகுகிறது என்று அர்த்தம். அலசித் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பாயாகப் பரவினால் போய்விட்டது. பரவுகிறவரை அப்பாயி புளியைத் தொடவிட மாட்டார். சாம்பலை முழுக்க அலசவும் வேண்டும். காரம் மிச்சமிருந்தால் புளியின் வேகத்தை அதுவே தின்றுவிடும்.

அப்புறம் புளி. எலுமிச்சையளவு புளிச்சக்கையோடு ஒரு சிட்டிகை கல் உப்பு. உப்பு சேர்ந்தால் புளிப்புக்கு வேகம் கூடும். நார் வேண்டாம், விரல்தான். பூவேலை இடுக்குக்கு மட்டும் எலுமிச்சை மூடியின் ஓரம். ஐந்தாறு தேய்ப்பில் கறுப்பு கரைந்து பழுப்புச் சாறாக வழியும், அடியில் மஞ்சள் கண்விழிக்கும். செப்புக்குடம் இன்னும் வேகம். தடவிய கோடெல்லாம் உடனே சிவக்கும். அதனால் அதைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். விரலில் கீறல் இருந்தால் உப்பு சுரீரென்று பிடிக்கும், ஆனாலும் யாரும் எழுந்து போனதில்லை. ஈயம் பூசிய அண்டாவுக்கு வெளிப்பக்கம் மட்டும் இந்த உபசாரமெல்லாம். உள்ளே அரப்பு போட்டு மெல்லக் கழுவுவதோடு சரி, பூச்சு தேய்ந்துவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷம், சின்னக் கைவிளக்கு ஒன்றை என் பொறுப்பில் விட்டார்கள். இரவெல்லாம் ஊறினால் காலையில் தானே பளபளக்கும் என்று, கெட்டியாகக் கரைத்த புளியில் உப்பும் போட்டு மூழ்கவைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்தால் கறுப்பு போயிருந்தது, மஞ்சளும் போயிருந்தது. தட்டின் அடி முழுக்க ரோஜா நிறத்தில் திட்டுகள். அழுதுகொண்டே கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாயி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புளி அழுக்கைத் தின்னு முடிச்சிட்டா வெளக்கைத் திங்க ஆரம்பிச்சிடும் பாப்பா. போட்டோமா, தேச்சோமா, கழுவுனோமான்னு இருக்கணும்."

அவர் சொன்னதன் விவரம் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் விளங்கியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பின் துத்தநாகம் முதலில் கரைந்து போகிறது. செம்பு மட்டும் நின்று சிவப்பாகத் தெரிகிறது. போனதைத் திருப்பி வைக்க முடியாது. அந்த மேல்தோல் தேய்ந்து, கீழே இருக்கிற மஞ்சள் வந்தால்தான் உண்டு. அப்பாயி சாம்பலால் கால்மணி நேரம் தேய்த்துத் திட்டைப் பாதியாக்கினார். மிச்சத்தை விட்டுவிட்டார். விளக்கை ஒரே நாளில் இளைக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

புளித் தேய்ப்பு முடிந்தால் கடைசியில் மறுபடி சாம்பல், இந்தமுறை ஈரமில்லாமல். இடுக்கில் ஒட்டிய புளிப்பை அது முறித்துவிடும். இல்லையென்றால் மறுநாளே பித்தளை மங்கும். கார்த்திகை எங்கள் பக்கம் அடைமழைக் காலம். வெயிலை நம்ப முடியாது. கழுவிய கையோடு துணியால் ஒற்றி, அடுப்பு மேடையில் அனலோரமாகக் கவிழ்த்து வைப்போம். தண்ணீர்ச் சொட்டு நின்று காய்ந்தால் அந்த இடத்தில் அம்மைத் தழும்புபோல ஒரு வட்டம் விழும். மரைக்கு மட்டும் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். பூட்டி நிமிர்த்தும்போது பொழுது சாய்ந்திருக்கும். கையைப் பத்துமுறை கழுவினாலும் அந்தப் பித்தளை வாசனை சோற்றுக்குக் கூடவே வரும்.

கிணற்றைத் தூர்த்தாகிவிட்டது. கருங்கல் யார் வீட்டுக்குப் போனதென்று தெரியவில்லை. பெரிய விளக்கு தம்பி வீட்டில், கைவிளக்கு என்னிடம். இப்போது சாம்பல் கிடையாது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் புளி. நிமிஷக் கணக்குப் பார்த்து அலசிவிடுகிறேன். கடைசித் தேய்ப்புக்குத் திருநீறு. ரோஜாத் திட்டு வருஷா வருஷம் குறைந்து, சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு தெரிகிறது. பாதத்தின் கீழே, அப்பாயி கல்யாணத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய அவர் பெயர் இருக்கிறது. இத்தனை வருஷத் தேய்ப்பில் நடு எழுத்து இரண்டும் மழுங்கிவிட்டன. அந்த இடத்தில் புளி போடுவதில்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே மட்டும் விளக்கு கறுப்பாகவே இருக்கிறது.